குடம் நிறைய எத்தனை நொடி?

ஏரி மராமத்துக்குப் பணம் கேட்டு ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசுபவர் பெரும்பாலும் "இது நம்ம ஏரி" என்று ஆரம்பிப்பார். அடுத்து, தாத்தா காலத்தில் கலங்கல் வழிந்து ஓடியதைச் சொல்வார். கூட்டம் தலையாட்டிக் கேட்கும். "வீட்டுக்கு இவ்வளவு போடணும்" என்றதும் பின்வரிசையில் துண்டை உதறிக்கொண்டு இருவர் எழுந்து போவார்கள். பேச்சு அங்கேயே தோற்றுவிடும். அவர்கள் கஞ்சர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. எது உடைந்திருக்கிறது, அதனால் யாருக்கு என்ன போகிறது, பணம் யார் கையில் இருக்கும் என்ற மூன்றையும் பேச்சு சொல்லவில்லை என்பதுதான் என் எண்ணம்.

காஞ்சிபுரம் மாவட்டத்துக் கூரத்துக்கு இந்தப் பேச்சு மிகப் பழையது. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு ஓர் ஏரியைப் பற்றிப் பேசுகிறது. பரமேசுவர தடாகம் என்று அதற்குப் பெயர். பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால் வழியாக அதற்குத் தண்ணீர் வந்தது. கொடையாக விட்ட ஊரை 25 பங்காக்கியபோது, மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் தருவதற்கென்றே ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. தண்ணீர் தொடர்பான செலவை அவ்வப்போது கையேந்தி வசூலிப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. அதற்கு ஒரு நிலையான வரவு இருக்க வேண்டும் என்று எண்ணினார்கள். ஏரிப் பராமரிப்புக்கென்றே நிலத்தை ஒதுக்கிவைத்த ஏரிப்பட்டி முறைக்கும் அதே கணக்குதான்.

இன்றைய கூட்டத்தில் பேசுபவருக்கு அந்த வசதி கிடையாது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கிறது. ஆகவே எவனாவது ஒருவன் "ஏரி சர்க்காருது, சர்க்காரே செய்யட்டும்" என்பான். அது நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 2017இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கியபோது பெரும்பகுதிச் செலவை அரசே ஏற்றது. ஆயக்கட்டுதாரர்கள் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படியானால் கேட்கிற தொகை பெரியதே அல்ல. பல இடங்களில் அந்தப் பத்தில் ஒன்றையும் ஒப்பந்தக்காரரே தன் கையிலிருந்து கட்டிவிட்டு, விவசாயிகள் சங்கத்தின் பெயரில் வேலையை எடுத்துக்கொண்டார் என்று புகார் எழுந்தது. அங்கே ஊர்க்காரர் யாரும் பணம் போடவில்லை, யாரும் கணக்குக் கேட்கவில்லை. அந்தப் பத்தில் ஒன்றின் மதிப்பு ரூபாயில் இல்லை என்று நான் சொல்வது அதனால்தான். 300 ரூபாய் போட்டவன் மதகுக்குப் போட்ட சிமெண்ட் எத்தனை மூட்டை என்று எண்ணிப் பார்ப்பான்.

சரி, எது உடைந்திருக்கிறது? ஏரி வேலை என்றதும் எல்லோர் வாயிலும் வருவது தூர் வாருதல். பொக்லைன் வந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். அள்ளிய மண்ணுக்கும் விலை உண்டு. ஆனால் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டுகிற ஆழத்தில் நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கலாம், மீன் வாழலாம், பக்கத்துக் கிணறு ஊறலாம். நெல்லுக்கு வேண்டுமானால் இறைத்துத்தான் ஊற்ற வேண்டும். இதைச் சொல்லாமல் "ஏரியை ஆழப்படுத்துவோம்" என்று பணம் கேட்பது பாதி உண்மைதான்.

அதே ஏரியில் மதகு மூடியிருக்கும்போது வெளியே போய்க் கால்வாயைப் பாருங்கள். அடைப்பான் தேய்ந்து ஓரத்தில் தண்ணீர் சலசலவென்று கசிந்துகொண்டிருக்கும். 15 லிட்டர் குடத்தை வாய்க்காலில் விழுகிற நீருக்கு அடியில் பிடித்து நேரம் எண்ணினால் போதும். 15 நொடியில் நிறைந்தால் நொடிக்கு ஒரு லிட்டர் போகிறது. ஒரு நாளைக்கு 86,400 லிட்டர். 90 நாளில் 77 லட்சம் லிட்டரைத் தாண்டிவிடும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு நாற்று நட்டதிலிருந்து அறுப்பு வரை நிலத்தில் ஏறத்தாழ நான்கடி உயரத் தண்ணீர் தேவை என்று வைத்துக்கொண்டால் 49 லட்சம் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். மழை கொடுப்பதைத் தனியே விட்டுப் பார்த்தால், அந்த ஓர் ஓரக்கசிவு ஒன்றரை ஏக்கர் நெல்லின் தண்ணீர். குடம் 3 நொடியில் நிறைகிறதா? அப்போது எட்டு ஏக்கர் போய்விட்டது.

கசியும் தண்ணீர் வாய்க்கால் வழியே வயலுக்குத்தானே போகிறது என்று ஒருவர் கேட்பார். போகிறது. நடவுக்கு முன்னும் அறுப்புக்குப் பின்னும் இரவிலும் யாருக்கும் வேண்டாத நேரத்தில் போகிறது. தை மாதம் கதிர் பிடிக்கும்போது அது இருக்காது.

கரையில் கசிவு என்றால் வேறு சோதனை. கரையின் வெளிச்சரிவில் ஊறும் நீர் தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். கலங்கலாக, மண்ணோடு வந்தால் உள்ளே குழாய்போல ஓட்டை விழுகிறது என்று பொருள். அதைக் கூட்டம் போட்டு முடிவெடுக்கக் காத்திருக்கக் கூடாது. அன்றே அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, நீர் உள்ளே சற்று உயரும்படி செய்யவும் வேண்டும். மேலிருந்து ஊற்றின் வாயை அடைத்தால் அது வேறு இடத்தில் கிளம்பும்.

பங்கு பிரிப்பதில்தான் உண்மையான சண்டை வரும். ஒரு கற்பனை ஏரியை வைத்துக்கொள்வோம். ஆயக்கட்டு 100 ஏக்கர். மதகும் கலங்கலும் கரையும் சேர்த்து மதிப்பீடு 18 லட்சம். ஊர் தர வேண்டியது 1 லட்சத்து 80 ஆயிரம். வீட்டுக்கு வீடு சமமாகப் பிரிப்பது எளிது, அநியாயமும் அதுதான். நிலமே இல்லாத கூலிக்காரர் பத்து ஏக்கர்காரருக்குச் சமமாகத் தர வேண்டியிருக்கும். பழைய குடிமராமத்தை நினைத்து உருகுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அன்று சேற்றில் இறங்கி மண் சுமந்தவர்களில் பலருக்கு அந்த ஏரித் தண்ணீரில் ஒரு மடைப் பங்கும் கிடையாது. 1858ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் கட்டாய உழைப்புச் சட்டம் வழக்கமான மராமத்து வேலைக்கு ஆட்களை வரவழைக்கச் சட்டத்தின் கையைக் கொடுத்தது. யாருக்குத் தண்ணீர் என்பதை அது தொடவில்லை.

ஏக்கர் கணக்கில் பிரித்தால் ஏக்கருக்கு 1,800 ரூபாய். ஆனால் கடைமடைக்காரர் "எனக்கு வர்றதே மிச்சத் தண்ணி, முழு ரூபாய் ஏன்?" என்பார். அவர் சொல்வது சரி. கடைமடை 20 ஏக்கர் என்றால் அவர்களுக்கு அரைப்பங்கு வையுங்கள். 80 முழு ஏக்கரும் 20 அரை ஏக்கரும் சேர்ந்து 90 பங்கு ஆகும். பங்கு ஒன்றுக்கு 2,000. மேல்மடை ஏக்கருக்கு 2,000, கடைமடை ஏக்கருக்கு 1,000. கடைமடையில் 30 சென்ட் வைத்திருப்பவர் 300 ரூபாய் தருவார். மேல்மடைக்காரருக்கு 200 ரூபாய் கூடுகிறது. கடைமடைக்காரர் கையெழுத்துப் போட அந்த 200தான் விலை. வெளியூரில் இருக்கும் நிலக்காரருக்குக் கடிதம் போட வேண்டும். குத்தகைக்காரரிடம் அந்தப் பங்கைக் கேட்கக் கூடாது, ஏனென்றால் நில மதிப்பு உயர்ந்தால் அது அவருக்குச் சேராது.

இதையெல்லாம் விடக் கடினமான ஆள் போர் வைத்திருப்பவர். "எனக்கு ஏரியே வேண்டாம், மோட்டர் போட்டா தண்ணி வரும்." தமிழ்நாட்டு ஏரிப்பாசனம் நலிந்ததில் இந்த வாக்கியத்துக்குப் பங்கு உண்டு. தனக்கென்று கிணறு வைத்தவர் பொது வேலையிலிருந்து விலக விலக, மீதிப் பேருக்குச் சுமை கூடும். அவர்களும் விலகுவார்கள். அவரை ஒற்றுமை பேசி மடக்க முடியாது. ஏரிக்குக் கீழே இருக்கும் திறந்த கிணறுகளில் நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை சுவரில் கோடு போட்டு வையுங்கள். ஏரி நிறைந்தபின் கோடு ஏறுவதும், வற்றியபின் இறங்குவதும் அவர் கண்முன்னே தெரியும். கடினப் பாறையில் 600 அடி இறக்கிய ஆழ்துளைக்கு இந்த நிரூபணம் அவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. அதைக் கூட்டத்தில் பெரிதாக்கிப் பேசினால் அவர் அடுத்த வாக்கியத்திலேயே பேச்சை உடைத்துவிடுவார். கிணற்றைக் காட்டிப் பேசுங்கள், ஆழ்துளையை விட்டுவிடுங்கள்.

பணம் யார் கையில் இருக்கும் என்ற கடைசிக் கேள்விக்குப் பதில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோருக்கும் தெரிந்தவை. நான் திரும்பத் திரும்பப் படிப்பது வேறு இடம். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், 360 நாள் பதவி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. மைத்துனன் பெயரில் பணம் போகும் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நானாக இருந்தால் இப்படிப் பேசுவேன்: "அண்ணன் தம்பிங்களே, பெரியவங்களே, நேத்து காலைல நாலு பேர் போய் மதகுகிட்ட குடம் வச்சுப் பார்த்தோம். 3 நொடியில நிறைஞ்சுது. அது எட்டு ஏக்கர் நெல்லுத் தண்ணி. யார் யாருக்கு எவ்வளவுன்னு ஏக்கர்படி இந்தத் தாள்ல எழுதியிருக்கு, கடைமடைக்குப் பாதி. பணம் பேங்க்ல, மூணு பேர் கையெழுத்து, அதுல ஒருத்தர் கடைமடைக்காரர். ரசீது இல்லாம யார்கிட்டயும் குடுக்காதீங்க. மாசா மாசம் வரவு செலவு பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல ஒட்டுவோம். கேள்வி இருந்தா இப்பவே கேளுங்க." முழுவதும் இரண்டு நிமிடம்.

மதகு மூடியிருந்து ஏரியில் தண்ணீர் நிற்கும்போதுதான் அந்தக் கசிவை அளக்க முடியும். பழுது பார்ப்பதோ ஏரி வற்றிய கோடையில். ஆகவே அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்காமல், ஏரியில் தண்ணீர் இருக்கும்போதே ஒரு குடத்தையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போய் வாருங்கள்.