படத்தோடு முகவரியையும் அனுப்ப வேண்டுமா?

கைப்பேசியில் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பு உண்டு. எடுத்த நாள், நேரம், கைப்பேசியின் வகை ஆகியன அதில் பதிவாகும். கேமராவுக்கு இருப்பிட அனுமதி தரப்பட்டிருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சேர்ந்துவிடும். அட்சரேகையில் ஒரு டிகிரியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 11 மீட்டர்; ஒரு வீட்டை அடையாளம் காண அதுவே போதும். 2012 டிசம்பரில், பெலிஸ் நாட்டுக் காவல்துறையினர் தேடிய மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பதை, இணைய இதழொன்று வெளியிட்ட அவரது படத்திலிருந்த இக்குறிப்பே காட்டிக்கொடுத்தது.

வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படத்தில் இக்குறிப்பு நீங்கிவிடுகிறது. இதை அறிந்த பலர் கவலையற்று இருக்கின்றனர். ஆனால் தெளிவு குறையாதிருக்க வேண்டி அதே படத்தை Document என்ற வழியில் அனுப்பினால், கோப்பு மாற்றமின்றிச் செல்கிறது. இருப்பிடமும் உடன் செல்கிறது. மின்னஞ்சல் இணைப்பிலும் பெரும்பாலும் இதே நிலைதான். பழைய நகையையோ இருசக்கர வாகனத்தையோ விற்க முனைபவரிடம், "தெளிவான படம் வேண்டும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்" என்று முன்பின் அறியாதவர் கேட்கலாம். விற்பவர் முகவரியைச் சொல்லாவிட்டாலும், படம் வீட்டில் எடுக்கப்பட்டதாயின் பொருள் இருக்கும் வீடு கேட்டவருக்குத் தெரிந்துவிடும்.

இதற்காகக் கேமராவின் இருப்பிட வசதியையே நிறுத்திவிடச் சொல்வோர் உளர். அது மிகையென்பது என் கருத்து. ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் கட்டுமானத்தின் நிலைகளை உறுதிசெய்ய இருப்பிடம் பதிந்த படங்களே பயன்படுகின்றன. பதிவு நம்மிடம் இருப்பதில் தீங்கில்லை. யாருக்கு அனுப்புகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஐபோனில் பகிரும் திரையின் மேற்புறத்தில் உள்ள Options என்பதைத் தொட்டு Location என்பதை அணைத்தால், அந்தப் பகிர்வில் மட்டும் இருப்பிடம் நீங்கும். மூலப்படம் அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இவ்வசதி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், எளிய வழியொன்றைப் பரிந்துரைக்கிறேன்: படத்தைத் திரையில் திறந்து, திரைப்பிடிப்பு எடுத்து அதை அனுப்பலாம். தெளிவு சற்றுக் குறையும். ஆனால் எடுத்த இடத்தின் குறிப்பு அதில் வராது. அனுப்புமுன் கேலரியில் படத்தின் விவரத்தைத் திறந்து பாருங்கள். வரைபடமோ ஊர்ப்பெயரோ தெரிந்தால் இருப்பிடம் இன்னும் நீங்கவில்லை என்று கொள்ளலாம்.

குறிப்பை நீக்கினாலும் படத்தில் தெரியும் கதவு எண்ணும் வாகனப் பதிவெண்ணும் நீங்குவதில்லை. அவற்றை நாமே வெட்டி நீக்க வேண்டும். பிறர் சேமித்துக்கொண்ட கோப்பை நம்மால் திரும்பப் பெற இயலாது. ஆகவே இச்சோதனைக்கு உரிய நேரம் அனுப்புவதற்கு முன்புள்ள அந்த அரை நிமிடமே.