எழுபது எழுத்துக்குள் ஓர் அழைப்பு: தமிழ்க் குறுஞ்செய்தி எங்கே துண்டாகிறது?

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள், காணி விடுவிப்புக்காகக் காத்திருப்பவர்கள், இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் என்று வடக்கிலும் கிழக்கிலும் ஏதோவொரு கோப்பு இலக்கத்தோடு வாழும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு வரும் அழைப்புகளில் ஒரு பகுதி இப்போது குறுஞ்செய்தியாக வருகிறது. கடிதம் தாமதமாகலாம், ஆனால் வந்தால் முழுதாக வரும். குறுஞ்செய்தி அப்படியல்ல. அதிலும் தமிழில் வருவது, ஆங்கிலத்தில் வருவதைவிட வெகு விரைவில் துண்டாகிவிடும்.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஜிஎஸ்எம் வலையமைப்பு ஐரோப்பாவில் வடிவமைக்கப்பட்டபோது ஆங்கிலம் முதலிய மொழிகளுக்கென ஓர் எழுத்து அட்டவணை செய்தார்கள். கிரேக்கப் பெரிய எழுத்துகளில் சில கூட அதில் உண்டு, தமிழ் இல்லை. அந்த அட்டவணையில் எழுதினால் ஒரு செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். அதற்கு வெளியே உள்ள ஓர் எழுத்து வந்தாலே போதும், முழுச் செய்தியும் யூசிஎஸ்-2 என்ற குறியேற்றத்துக்கு மாறிவிடும். அதில் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட் என்பதால் மிஞ்சுவது 70 இடங்கள்தான். சிங்களத்துக்கும் இதே கதிதான். மூன்று மொழியையும் ஒரே செய்தியில் போட்டால், அதிலுள்ள ஆங்கிலமும் இந்தக் கணக்கிலேயே எண்ணப்படும். தமிழைக் கடைசியில் வைத்தால் துண்டாவது தமிழ்தான்.

அந்த எழுபதும் நாம் பள்ளிக்கூடத்தில் எண்ணிய எழுத்துகள் அல்ல. கணினிக்கு ‘மு’ என்பது மகரமும் உகரக் குறியுமாக இரண்டு இடம். ‘ல்’ என்பது லகரமும் புள்ளியுமாக இரண்டு. கண்ணுக்கு ஆறு எழுத்தான முல்லைத்தீவு குறுஞ்செய்தியில் 12 இடம் பிடிக்கும். கையால் எண்ணுவதற்கு இலகுவான வழி இருக்கிறது: அ, ஆ போன்ற உயிருக்கும் க, ச போன்ற வெறும் அகர எழுத்துக்கும் ஒன்று, புள்ளியோ விசிறியோ கொம்போ காலோ உள்ள எதற்கும் இரண்டு. இடைவெளியும் நிறுத்தக்குறியும் தலா ஒன்று. ‘ஸ்ரீ’ மட்டும் நான்கு கேட்கும்.

எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து போகிறது. துண்டுகளை மறுமுனையில் ஒட்டுவதற்கான குறிப்பு ஒவ்வொன்றிலும் ஆறு பைட் எடுத்துக்கொள்வதால், அப்போது ஒரு துண்டில் 67 இடம்தான். மொத்தமாகச் செய்தி அனுப்பும் சேவைகள் துண்டுக்கு ஒன்றாகவே கட்டணம் அறவிடுகின்றன. ஆனால் எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகவே பயணிக்கிறது. சமிக்ஞை மெலிந்த இடத்தில் ஒன்று வந்து மற்றது வராமல் போகலாம், அல்லது பின்னது முந்தி வரலாம். ஒட்டத் தெரியாத பழைய கைப்பேசியில் அவை தனித்தனிச் செய்திகளாக விழும். எழுத்துக்கும் அதன் குறிக்கும் நடுவே வெட்டு விழுந்தால், அடுத்த துண்டு ஓர் அநாதைக் கொம்போடு தொடங்கும்.

அலுவலக நடையில் நானே எழுதிய ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம்:

“அன்புடையீர், எதிர்வரும் 12ஆம் திகதி வியாழக்கிழமை காலை 9.30 மணிக்கு பிரதேச செயலகத்தில் நடைபெறவுள்ள விசாரணைக்குத் தேவையான ஆவணங்களுடன் தவறாது சமூகமளிக்கவும்.”

எண்ணிப் பார்த்தால் 154 இடம், அதாவது மூன்று துண்டு. இதையே ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே செய்தியில் அடங்கிவிடும். முதல் வெட்டு ‘மணிக்கு’ என்ற சொல்லுக்குப் பின்னால் விழுகிறது. முதல் துண்டு மட்டும் கிடைத்த ஒரு தாய்க்கு நாளும் நேரமும் தெரியும். எங்கே போவது, எதற்காகப் போவது என்பது தெரியாது. இரண்டாவது வெட்டு ‘தவறாது’ என்ற சொல்லையே பிளக்கிறது. ‘அன்புடையீர்’ என்ற விளிப்பு மட்டும் காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்து 13 இடத்தை விழுங்கியிருக்கிறது. பிள்ளையைத் தேடி ஆண்டுக்கணக்கில் படியேறியவரிடம் ‘தவறாது’ வரச் சொல்வது வேறு விடயம்.

இதைச் சுருக்கினால்:

“விசாரணை: 12 வியாழன் காலை 9.30, பிரதேச செயலகம். அடையாள அட்டையுடன் வரவும்.”

இப்போது 72. இரண்டே இரண்டு இடம் கூடியதால் இதுவும் இரண்டு துண்டாகிறது. இரண்டாவது துண்டில் போவது “வும்.” மட்டுமே. அந்த ஒரு விகுதிக்காக அனுப்புபவர் இரண்டாவது கட்டணம் செலுத்த வேண்டும். கடைசி வாக்கியத்தை “அடையாள அட்டை தேவை.” என்று மாற்றினால் மொத்தம் 65 ஆகி, ஒரே செய்தியில் அடங்கிவிடும். ‘தேவையான ஆவணங்கள்’ என்ற பொதுச்சொல் போய், எதைக் கொண்டுவர வேண்டும் என்பதும் தெளிவாகிவிட்டது.

இதில் வர முடியாதவர் அழைப்பதற்கு ஓர் இலக்கம் இல்லை. நிறுவனத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் தலைப்பாகத் தெரியும் செய்திகளுக்கு நேரடியாகப் பதில் அனுப்பவும் முடியாது, ஏனென்றால் அந்தப் பெயருக்குப் பின்னால் பதில் சென்று சேரும் இலக்கம் கிடையாது. ஆகவே தொடர்பு இலக்கத்துக்காக இரண்டாவது துண்டு போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எல்லாவற்றையும் எழுபதுக்குள் அடைப்பது சில வேளை வீண் பிடிவாதம். முதல் 67 இடத்துக்குள் எது, எப்போது, எங்கே, எதோடு என்பவை முடிந்துவிட வேண்டும், இரண்டாவது துண்டு தொலைந்தாலும் ஒருவர் சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். மேலே உள்ள 65 இடச் செய்திக்குப் பின்னால் இலக்கத்தைச் சேர்த்தால் அப்படித்தான் அமையும்.

தமிழுக்கென்றே ஒரு சிக்கன அட்டவணை சர்வதேசக் குறுஞ்செய்தித் தரத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்த அனுப்பும் முனையும் பெறும் முனையும் இரண்டுமே அதை அறிந்திருக்க வேண்டும். அதனால் நடைமுறையில் எழுபதை நம்பி எழுதுவதே பாதுகாப்பு. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி 160 இடத்தையும் பெற்றுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இளையவர்கள் தங்களுக்குள் அப்படித்தான் எழுதுகிறார்கள், அது அவர்கள் விருப்பம். ஓர் அரச அலுவலகம் அதைச் செய்யக் கூடாது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு முதியவருக்கு ஆங்கில எழுத்துத் தமிழ் எந்த மொழியும் அல்ல.

பதில் அனுப்பும் பக்கத்திலும் இதே கணக்குத்தான். சாதாரண இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்து, போக முடியாமல் இருந்தால், கோப்பு இலக்கத்தை முதலில் வையுங்கள். வணக்கமும் குடும்ப நிலையும் முன்னால் வந்தால், யாருடைய பதில் என்பதே அடுத்த துண்டுக்குப் போய்விடும். ஓர் உதாரணம்:

“கோப்பு 1234: 12 விசாரணைக்கு வர முடியாது, சுகமில்லை. வேறு திகதி தரவும்”

இது 69. கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைக்க இன்னும் இடம் இருக்கிறது. பெயரையும் சேர்க்க வேண்டுமென்றால் அதை இரண்டாவது செய்தியாக, மறுபடியும் கோப்பு இலக்கத்தோடு தொடங்கி அனுப்புங்கள். அனுப்பிய செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள், ‘நீங்கள் அறிவிக்கவில்லை’ என்று பிறகு சொன்னால் திகதியோடு காட்டுவதற்கு அது ஒன்றுதான் கையில் இருக்கும்.