கட்டட நிதியா, இரட்டை வசூலா?

செஞ்சியில் ஒரு தனியார் பள்ளி முதல்வர் பெற்றோருக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இந்த ஒரு முறை மட்டும்! அஸ்திவாரம் 4 லட்சம், சுவரும் கூரையும் 11 லட்சம், கழிப்பறை 3 லட்சம், மின்சாரம் 2 லட்சம். மொத்தம் 20 லட்சம், பிள்ளைகள் 400, தலைக்கு 5,000 ரூபாய்."

கூட்டல் சரி. நியாயம்?

2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பள்ளிக் கட்டணச் சட்டப்படி, கட்டணக் குழு கட்டணத்தை நிர்ணயிக்கும்போதே பள்ளியின் வசதிகள், பராமரிப்புச் செலவு, வளர்ச்சிக்கு வேண்டிய உபரி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வளர்ச்சிக்கென்று கட்டணத்திலேயே கொடுத்தாயிற்று. மறுபடி கேட்பது இரட்டை வசூல்! குழு நிர்ணயித்ததற்கு மேல் வாங்குவதை அதே சட்டம் தடுக்கிறது.

பெற்றோரே! குழுவின் உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத ஒரு வரியையும் கேளுங்கள்: நம் பணத்தில் எழும் கட்டடம் யார் சொத்து?