நீயும் அவனும் மட்டும்

ஜெர்மன் மொழியில் ‘நான் பேசுகிறேன்’ என்பது ‘இஷ் ஷ்ப்ரெஷெ’. ‘அவன் பேசுகிறான்’ என்றால் ‘ஏர் ஷ்ப்ரிஷ்ட்’, எகரம் இகரமாகிவிட்டது.

நிகழ்காலத்தில் இந்த மாற்றம் நீ, அவன், அவள், அது ஆகியவற்றுக்கு மட்டுமே. பன்மையில் பழைய உயிரே திரும்பிவிடும். எந்த உயிராக மாறும் என்பதைப் பெரும்பாலும் காதே சொல்லிவிடும். குறில் எகரம் குறில் இகரமாகும். நெடில் ஏகாரம் நெடில் ஈகாரமாகும். ‘லேஸென்’ (வாசிக்க) ‘ஏர் லீஸ்ட்’ ஆவது அப்படித்தான். குறில் நெடில் பழகிய தமிழ்க் காதுக்கு இது எளிது. எடுப்பதற்கான ‘நேமென்’ முரண்டுபிடித்து ‘நிம்ட்’ என்று குறுகும். இப்படி வேறு சிலவும் உண்டு. வண்டியில் போவதற்கான ‘ஃபாரென்’ வேறு வகை: ஆகாரம் ஏகாரமாகி ‘ஃபேர்ட்’.

ஆனால் எந்த வினை மாறும் என்பதை ஒலி காட்டிக்கொடுக்காது. நடந்து போவதற்கான ‘கேயென்’ மாறாமல் ‘ஏர் கேட்’ என்றே நிற்கிறது. எனவே ஒவ்வொரு வினையையும் ‘லேஸென், ஏர் லீஸ்ட்’ என்று இரட்டையாகவே மனப்பாடம் செய்யுங்கள்.