நாற்பது நிமிடமும் இரண்டு பட்டியல்களும்

காலனிய நீக்கத்தின் காரணங்களையும் விளைவுகளையும் விளக்குக என்பது தில்லியில் வரலாறு பயில்வோர்க்குப் பழகிய வினா. மூன்று மணி நேரத்தில் நான்கு கட்டுரைகள் எழுத வேண்டியிருந்தால் ஒன்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ நாற்பது நிமிடமே. பெரும்பாலோர் உடனே எழுதத் தொடங்கிவிடுகின்றனர். 1757இல் பிளாசியில் புறப்படும் விடை 1942ஐ எட்டும்போது முப்பது நிமிடம் கழிந்திருக்கும். விளைவுகளுக்குக் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி மிஞ்சும்.

பிழை நேரத்தில் இல்லை, திட்டத்தில் இருக்கிறது. காரணம் ஒரு பட்டியல், விளைவு இன்னொரு பட்டியல் என்று பிரித்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. முதல் ஏழு நிமிடத்தை இரண்டையும் பிணைக்கும் ஒற்றை வாக்கியத்தைத் தேடுவதில் செலவிடுவதே சரி. தில்லியை வைத்தே அதைச் செய்துபார்க்கலாம்.

1945 நவம்பரில் செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவ அதிகாரிகள் மீது விசாரணை தொடங்கியது. அதற்கெதிராக நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படையினர் கிளர்ந்தனர். இந்தியப் படைகளைக் கொண்டே இந்தியாவை ஆள முடியும் என்ற நம்பிக்கை தளர்ந்தது. போரில் கடனாளியான பிரிட்டனிடம் மாற்றுப் படைக்குப் பணமும் இல்லை. 1948 ஜூனுக்குள் வெளியேறுவதாக 1947 பிப்ரவரி 20இல் அட்லி அறிவித்தார். ஜூன் 3ஆம் நாள் திட்டத்தை அடுத்து அந்நாள் ஆகஸ்ட் 15க்கு முன்தள்ளப்பட்டது. ஜூலை 8இல் வந்து சேர்ந்த ராட்கிளிஃபுக்கு எல்லை வரைய ஐந்து வாரமே இருந்தது. அவர் வகுத்த கோடு வெளியானதோ ஆகஸ்ட் 17இல், விடுதலை நாளுக்குப் பிறகு! பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் கிங்ஸ்வே முகாமில் நிறைந்தனர். புராணா கிலாவில் தில்லி முஸ்லிம்கள் அடைக்கலம் புகுந்தனர்.

ஆகவே வாக்கியம் இதுதான்: எந்த வலுவிழப்பு பிரிட்டனை வெளியேறச் செய்ததோ, அதுவே வெளியேற்றத்தை அவசரமாக்கிப் பிரிவினையின் கொடுமையைப் பெருக்கியது. பிரிவினையையே அது உண்டாக்கியது என்று எழுதினால் மிகை. 1940களின் அரசியல் பிளவுக்குத் தனிப் பத்தி வேண்டும்.

மாற்றுச் சான்று ஒன்றும் திட்டத்தில் இடம்பெறவேண்டும். இலங்கையில் 1948 பிப்ரவரியில் அதிகாரம் அமைதியாகவே கைமாறியது. ஆயினும் அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவசரம் எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதை அது காட்டும். எல்லைக்கோட்டைப் போலவே, யார் குடிமக்கள் என்ற வினாவும் புதிய அரசின் கைக்கு வந்தது.

பிறகு முப்பது நிமிடம் எழுதலாம், மூன்று நிமிடம் திருத்தலாம். பத்திகளுக்கிடையே 'ஆகையால்' அல்லது 'ஆயினும்' பொருந்துகிறதா என்று திருத்தும்போது பார்க்கவேண்டும். 'மேலும்' மட்டுமே பொருந்தினால் பழைய பட்டியல் திரும்பிவிட்டது என்று பொருள்.