பணிநிறைவு விழாவில் எப்பாட்டைப் பாடுவது?

தமிழ்நாட்டில் ஆசிரியர் பணிநிறைவு அகவை 58-இலிருந்து 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. விடைகொடுக்கும் விழாவில் பாடப்பெறும் பாட்டுமட்டும் உயர்ந்தபாடில்லை. ஒருபுறம் திரைப்பாட்டின் மெட்டுக்குள் ஆசிரியர் பெயரைத் திணித்துப் பாடுகின்றனர். மற்றொருபுறம் பொருளறியாப் பிள்ளைகளைக் கொண்டு வடமொழிச் சொலவம் ஒன்றை ஒப்புவிக்கின்றனர். முப்பது ஆண்டு தமிழில் பாடஞ்சொன்னவர்க்கு அவர் மாணவர் தமிழில் நாலடி நன்றி சொல்ல மாட்டாமை யாருடைய குறை?

தமிழிலேயே எழுதப்பெறும் வாழ்த்துமடல்களும் பெரும்பாலும் தேறுவதில்லை. நன்னூலார் ஆசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமை கூறினார். மடல் எழுதுவோர் அந்நான்கையும் ஒரே பாட்டில் அடுக்கிவிட்டு, கண்ணாடிச் சட்டமிட்டுக் கையில் தந்துவிடுகின்றனர். அம்மடலில் பெயரை அழித்து வேறொருவர் பெயரை எழுதினும் பொருந்தும். பொருந்துமாயின் அது நன்றிப்பாட்டன்று. பவணந்தியார் அவ்வுவமைகளை வெறும் அணியாகச் சொல்லவில்லை. உழவன் முயன்ற அளவிற்கு விளைவு தருவதும் மிதிப்பாரைப் பொறுப்பதும் நிலத்தின் இயல்பு என்று காரணங்காட்டினார். அவர் சமணர். வெம்பாக்கம் வட்டத்துத் திருப்பனம்மூர், கரந்தை ஆகிய ஊர்களில் இன்றும் தமிழ்ச்சமணர் வாழ்கின்றனர். அப்பக்கத்துப் பிள்ளைகட்கு நன்னூல் தொலைவிலுள்ள நூலன்று.

இன்னொரு பிழை, விடைகொடுக்கும் பாட்டை இரங்கற்பாட்டாக்கிவிடுவது. விளக்கணைந்தது, இருள்சூழ்ந்தது, இனி யார் துணை என்றெல்லாம் பாடுவது கையறுநிலைக்கு உரியது. தமக்குச் சிவனெறி அறிவுறுத்திய சோமசுந்தர நாயகர் 1901-இல் மறைந்தபோது மறைமலையடிகள் பாடியது சோமசுந்தரக் காஞ்சி. அதற்கு அப்பெயரே தகும். ஆனால் அதனைக் கேட்க ஆசிரியர் இல்லை. பணிநிறைவு விழாவிலோ ஆசிரியர் எதிரிலே அமர்ந்திருக்கின்றார். வீட்டிற்குச் சென்று இரவுணவும் உண்பார். அவர் காதிற் படும்படி முன்னிலையில் பாடுவதே முறை.

எவ்வாறு பாடுவது? முதலில் அவர் செய்த ஒரு செயலைப் பிள்ளைகள் உரைநடையில் ஒரே தொடராக எழுதுக. வெம்பாக்கத்தில் ஒரு நெசவுக்குடும்பத்துப் பிள்ளையை எண்ணிப்பார்ப்போம். ஆரணிப் பட்டுக்குத் தறிபோடும் வீடு. பாவு பிணைக்கும் நாளில் பிள்ளைக்குப் பள்ளியில்லை. விட்டுப்போன பாடத்தை ஆசிரியர் மறுநாள் மாலையில் வையாமல் மீண்டும் சொல்லித்தந்தார். நிலத்தின் பொறை இதுவே. நிலம் என்ற சொல்லே பாட்டில் வரவேண்டுவதில்லை.

அடுத்து யாப்பு. பிள்ளைகட்கு வெண்பா அரிது. தளை ஓரிடத்தில் தட்டினும் பாட்டுக் கெடும். அறுசீர் ஆசிரிய மண்டிலம் எளிது. மா, மா, காய் என மூன்று சீர்; அதுவே மறுமுறை வந்தால் ஓரடி. அடிதோறும் இரண்டாமெழுத்தில் எதுகையும், முதற்சீரிலும் நான்காஞ்சீரிலும் மோனையும் அமைந்தால் பக்கஇசையின்றியே ஓசை நிற்கும்.

அறுந்த இழையைப் பிணைத்திட்டே
அழகாய் நெய்வார் எம்பெற்றோர்;
மறுநாள் மாலை வரச்சொல்லி
மறந்த பாடம் மீண்டுரைத்தீர்;
சிறுவர் எம்மை வையாமல்
சிரித்தே அருகில் அமரவைத்தீர்;
அறுந்த எங்கள் படிப்பினையும்
ஐயா! நீவிர் பிணைத்தீரே!

ஈரிரு வரியாக எழுதப்பெற்றிருப்பினும் இவை நான்கே அடிகள். பெரும்புலமை இதில் இல்லை. ஆனால் இப்பாட்டை இன்னோர் ஆசிரியர்க்கு எடுத்துக்கொடுக்க இயலாது. 'அறுந்த' என்னும் சொல் முதலடியில் தறிக்கும் ஈற்றடியில் படிப்பிற்கும் நிற்கின்றது. உவமை என்று எடுத்துக்கூறாமலே உவமை விளங்குகின்றது.

ஓசை பிறழ்ந்ததா என்று அறிய, கையால் தாளந்தட்டி ஓரடியைச் சொல்லிப்பார்த்தால் போதும். 'வரச்சொல்லி' என்னுமிடத்தில் 'வரச்சொல்லியே' என்று நீட்டினால் தாளம் இடறும்; ஏகாரம் சேர்த்து இடம் நிரப்பும் பழக்கத்தால் வருவது இது. முன்னிலையிலும் கருத்து வேண்டும். பழம்பாட்டில் அரசனையும் 'நீ' என்பது வழக்கு. எனினும் பிள்ளைகள் ஆசிரியர் முகம்பார்த்துப் பாடுமிடத்தில் 'நீவிர்' என்பதே இசையும். எதனைக் கொள்ளினும் இறுதிவரை அதனையே கொள்க. முதலடியில் 'நீ' என்றும் மூன்றாமடியில் 'நீங்கள்' என்றும் வருவதே மடல்களில் மிகுதி.

இத்தகைய மண்டிலம் மூன்றோ நான்கோ போதும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வகுப்பு ஆக்கித் தரலாம். திருத்தும் வேலையைத் தமிழாசிரியர் மேற்கொள்க. பணிநிறைவு பெறுபவர் அத்தமிழாசிரியரே எனின், அப்பொறுப்பைப் பழைய மாணவர் ஒருவர் ஏற்கவேண்டும். தம் வாழ்த்தின் தளைப்பிழையைத் தாமே திருத்த நேர்ந்த ஆசிரியரும் உளர். பாடுகையில் ஒலிபெருக்கியை அகற்றி, பிள்ளைகளை முன்வரிசைக்கு அழைத்து நிறுத்துக. பாடியபின் தாளில் எழுதி ஆக்கியோர் அனைவரும் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். கண்ணாடிச் சட்டம் வேண்டுவதில்லை.