காளான் வளர்ப்போருக்கு நாள்கணக்கு மட்டும் போதாது

நான் பார்த்த மொட்டுக் காளான் பயிற்சிக் கையேடுகளில் பெரும்பாலானவை ஒரு நாட்காட்டியைப் போலவே எழுதப்பட்டுள்ளன. வித்திட்டு இரண்டு வாரம் கழித்து மேல்மண் இடுக. அதன்பின் ஒரு வாரம் கழித்துக் காற்றோட்டம் தருக. மேல்மண் இட்ட மூன்றாம் வாரத்தில் அறுவடை செய்க. இந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் இது வெப்பத்தையும் காற்றையும் கருவிகளால் ஆளும் அறைக்கு உரிய கணக்கு. அரியானாவின் சோனிபத் பகுதியில் குளிர்காலத்தை மட்டுமே நம்பிக் கீற்றுக் கொட்டகையில் மொட்டுக் காளான் வளர்ப்பவருக்கு, ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கிலிருந்து விலகியே விடிகிறது. அவருக்கு நாளைவிடக் காரணமே தேவை. காரணத்தை மறைத்துச் செய்முறையை மட்டும் தருவது அரைக் கல்வி என்பது என் கருத்து.

முதற்குழப்பம் 'வித்து' என்னும் சொல்லிலேயே தொடங்குகிறது. புட்டியிலோ பையிலோ நாம் வாங்கும் காளான் வித்து, விதை அன்று. வேகவைத்த தானியத்தின்மீது படர்ந்த பூசண இழைகளே அவை. கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லிய அந்த இழைகள்தாம் உண்மையான உயிரி. நாம் பறித்து உண்பது அவ்வுயிரி வித்துத்தூள்களைப் பரப்புவதற்காக எழுப்பும் கனியுடல். விதை முளைத்துச் செடியாவதைப்போல வித்து முளைத்துக் காளானாவதில்லை. இழைகள் உண்டு பரவும் வாழ்வு ஒன்று. கனியுடல் எழுப்பும் வாழ்வு மற்றொன்று. முதலாவது தானாகவே இரண்டாவதாக மாறாது. மாறச் சொல்லும் குறிப்புகள் வெளியிலிருந்து வரவேண்டும்.

முதல் வாழ்வு எளிது. மட்கிய வைக்கோல் எருவில் 22 முதல் 25 டிகிரி வெப்பத்தில் இழைகள் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முழுவதும் பரவிவிடும். அப்போது அவை வெளிவிடும் கரியமில வாயு சுற்றிலும் தேங்கினாலும் அவற்றுக்குத் தடையில்லை. அந்த எருவை அப்படியே விட்டுவிட்டால், வெண்மையான இழைப்பரப்பு நிற்குமே தவிர, சொல்லத்தக்க விளைச்சல் வாராது.

இங்கேதான் கேசிங் எனப்படும் மேல்மண் வருகிறது. பழைய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு போன்றவற்றைக் கலந்து, ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் கனத்தில் எருவின்மேல் பரப்புகிறார்கள். அதில் இழைகளுக்கு உணவு மிகக் குறைவு. ஆகவே, பட்டினிதான் காளானை எழுப்புகிறது என்று பலர் விளக்குவதுண்டு. அவ்விளக்கம் போதாது. நுண்ணுயிர்கள் அனைத்தையும் கொன்ற மேல்மண்ணிலும் உணவு குறைவே. ஆயினும் அதில் மொட்டுகள் தோன்றுவதில்லை. 1969இல் பிரிட்டனில் ஹேய்ஸும் உடன் ஆய்வாளர்களும், மேல்மண்ணில் வாழும் சூடோமோனாஸ் புட்டிடா என்னும் பாக்டீரியாவுக்கு மொட்டுத் தோற்றத்தில் பங்கு உண்டு என்று காட்டினார்கள். பாக்டீரியா இல்லாத மேல்மண்ணில் தூண்டிய கரித்தூளைக் கலந்தாலும் மொட்டுகள் தோன்றுகின்றன என்பது பின்னர்த் தெரிந்தது. கரித்தூள் எதையும் ஊட்டுவதில்லை; உறிஞ்சத்தான் செய்யும். அப்படியானால் பாக்டீரியாவும் எதையோ கொடுக்கவில்லை, எதையோ அகற்றுகிறது என்றாகிறது.

அகற்றப்படும் பொருள்களுள் முதன்மையானது ஆக்டெனால் என்னும் ஆவியாகும் சேர்மம். நாம் காளான் மணம் என்று அறியும் மணமே அது. இழைகள் தாமே வெளியிடும் அந்த மணம் செறிந்திருக்கும்வரை, அவை இழைகளாகவே படர்ந்துகொண்டிருக்கும். மேல்மண்ணின் பாக்டீரியா அதை உண்டு குறைக்கும்போது, இழைகள் ஒன்றோடொன்று பின்னி நுண்ணிய முடிச்சுகளாகின்றன. எனவே மேல்மண்ணில் தீய உயிர்களை அழிக்க 60 முதல் 65 டிகிரியில் சில மணி நேரம் ஆவியூட்டுவது போதும். அதற்குமேல் வேகவைத்துத் தூய்மைப்படுத்துவது, மொட்டை எழுப்பும் துணையையும் சேர்த்துக் கொல்வதாகும்.

முடிச்சு விழுந்தால் மட்டும் போதாது. அது மொட்டாக உருப்பெற வெப்பம் 15 முதல் 17 டிகிரிக்கு இறங்கவேண்டும். எத்தனை முடிச்சுகள் மொட்டாகும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது கரியமில வாயு. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறக்குறைய 1000 பங்குக்குக் கீழே அது குறையவேண்டும். குண்டூசித் தலையளவு இருக்கும்போதே மொட்டினுள் தண்டும் குடையும் வகுபட்டுவிடுகின்றன. பின்னர் நாம் காணும் விரைவான பருத்தல், பெரும்பாலும் அணுக்கள் நீரை ஈர்த்து உப்புவதே. காளான் ஓரிரவில் முளைத்தது என்று நாம் வியப்பது இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துத்தான்.

இனி அந்தக் கீற்றுக் கொட்டகைக்கு வருவோம். சனவரி மாதக் கடுங்குளிர். மேல்மண் இட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது. இரவில் குளிர் தாக்குமே என்று வளர்ப்பவர் எல்லாத் திறப்புகளையும் சாக்கால் அடைக்கிறார். கொட்டகைக் காற்றின் வெப்பமானி 16 டிகிரி காட்டுகிறது. அட்டவணைப்படி எல்லாம் சரி. ஆனால் இழைகள் மூச்சுவிடுவதால் பாத்தியின் உள்வெப்பம் காற்றைவிட மிகுந்தே இருக்கும். வெளியேற வழியில்லாத கரியமில வாயுவும் ஏறிக்கொண்டே போகிறது. சில நாட்களில் மேல்மண்ணின்மீது பஞ்சுபோல் வெள்ளைப் படலம் மூடுகிறது, மொட்டுகள் இல்லை. இழைகளுக்கு இன்னும் 'படரும் காலம் முடிந்தது' என்ற செய்தி சேரவில்லை. அவரோ ஈரம் போதவில்லை என்று எண்ணி நீரை ஊற்றுகிறார். மண்ணின் துளைகள் அடைபட்டுக் காற்று மேலும் குறைகிறது. ஒரு பருவத்தின் முதலீடு இப்படித்தான் கரைகிறது.

அவரிடம் விலையுயர்ந்த வாயுமானி இல்லாவிட்டாலும், பாத்தியே அளவுகோலாக நிற்கிறது. மொட்டில்லாத வெள்ளைப் படலம், காற்றும் குளிர்ச்சியும் தாமதமாக வந்தன என்று சொல்கிறது. நீண்ட தண்டும் சிறு குடையுமாக வரும் காளான், மொட்டு விழுந்தபின் காற்று போதவில்லை என்று சொல்கிறது. மண்ணுக்குள்ளேயே புதைந்து, அழுக்கோடு எழும் காளான், இழைகள் மேற்பரப்பை நெருங்குமுன்னே காற்றோட்டம் தந்துவிட்டோம் என்று சொல்கிறது. ஆகவே திறப்புகளை எப்போது திறப்பது என்பதற்கு நாள்கணக்கைவிட நம்பத்தக்க விடை ஒன்றுண்டு: மேல்மண்ணின் பள்ளங்களில் வெள்ளை இழைகள் எட்டிப்பார்க்கத் தொடங்கும்போது. வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல் பாத்திக்குள் செருகவேண்டும் என்பதும் இதே அறிவிலிருந்து பிறப்பதே.

1983இல் சோலனில் நிறுவப்பட்ட மையம் இன்று நாட்டின் காளான் ஆய்வு இயக்ககமாக வளர்ந்திருக்கிறது. அறிவுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அது கொட்டகைக்குச் செல்லும்போதுதான் காரணங்கள் உதிர்ந்து எண்கள் மட்டும் போய்ச் சேர்கின்றன. உழவருக்கு இவ்வளவு விளக்கம் எதற்கு, செய்முறை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வானிலை அட்டவணைப்படி நடக்குமானால் போதும். நடக்காதபோது, எந்த எண்ணைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தக் கூடாது என்று முடிவெடுப்பவர் அவரே. கையேட்டின் நாள் அட்டவணைக்கு அருகில், அந்நாளில் இழைகளுக்கு என்ன நேர்கிறது, பாத்தியில் என்ன தெரியவேண்டும் என்று மேலும் இரண்டு பத்திகள் சேர்த்தால் போதும். அச்சுச் செலவு ஒரு பக்கம்தான் கூடும்.